வீட்டுக் கடனை மாற்றினால் போட்ட செலவு எந்த மாதம் திரும்பும்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘உங்கள் கடனை எங்களிடம் மாற்றுங்கள், இ.எம்.ஐ.யில் மாதம் ஆறாயிரம் மிச்சம்’ என்கிறது. அந்த ஆறாயிரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நம் பிளாக்கில் பலருக்கும் பொருந்தும் ஓர் உதாரணம். பாக்கி 40 லட்சம், இன்னும் 15 வருடம், வட்டி 9.25 சதவீதம். இ.எம்.ஐ. 41,168 ரூபாய். புது வங்கி 8.5 சதவீதத்துக்குத் தருகிறது. அதே 15 வருடம் என்றால் இ.எம்.ஐ. 39,390. மிச்சம் 1,778 ரூபாய்தான், ஆறாயிரம் இல்லை. ஆறாயிரம் வேண்டுமென்றால் தவணையை 20 வருடமாக நீட்ட வேண்டும். அப்போது இ.எம்.ஐ. 34,713 ஆகிவிடும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 74 லட்சத்திலிருந்து 83 லட்சமாக ஏறிவிடுகிறது. வட்டி குறைந்தும் ஒன்பது லட்சம் கூடுதல்! ஆகவே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் மீதி மாதங்கள் எத்தனை என்று பாருங்கள். பழைய கடனில் 180 என்றால் புதிதிலும் 180தான் இருக்க வேண்டும்.

இப்போது செலவு. மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பழைய வங்கி அந்த வகையில் கேட்க முடியாது. செலவெல்லாம் புது இடத்தில். பிராசஸிங் கட்டணம் கால் சதவீதம், ஜி.எஸ்.டி.யோடு 11,800. வக்கீல் கருத்துக்கும் வீட்டு மதிப்பீட்டுக்கும் 7,000. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் எம்.ஓ.டி.க்கு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 36,000 என்று எடுத்திருக்கிறேன். பழைய அடமானம் வில்லங்கச் சான்றில் தீர்ந்ததாகக் காட்ட ரசீது பத்திரம், அதற்கு 1,500. மொத்தம் 56,300 ரூபாய். விளம்பரம் ‘பிராசஸிங் இலவசம்’ என்றாலும் பெரிய செலவான எம்.ஓ.டி. அப்படியே இருக்கும். உங்கள் கடனுக்கு இவை எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

56,300ஐ 1,778ஆல் வகுத்தால் 32 மாதம் வருகிறது. பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இது முழுக் கணக்கு இல்லை. முதல் மாத வட்டியைப் பாருங்கள். பழைய கடனில் 30,833, புதிதில் 28,333. வித்தியாசம் 2,500. அதில் 1,778 உங்கள் கையில் மிஞ்சுகிறது, மீதி 722 அசலில் கூடுதலாகக் கழிகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, கடனை முடிக்கும் நாளில் பாக்கி குறைவாக இருக்கும்போதுதான் தெரியும். ஆகவே 56,300ஐ 2,500ஆல் வகுக்க வேண்டும். 23ஆவது மாதத்தில் செலவு திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம். அடுத்த வருடமே வீட்டை விற்கப் போகிறவர், அல்லது பணிக்கொடை வந்ததும் கடனை அடைக்கப் போகிறவர் இதில் இறங்க வேண்டாம். பாக்கி பத்து லட்சம்தான் என்பவருக்கும் சந்தேகம்தான். வட்டி மிச்சம் மாதம் 625 ரூபாயாகச் சுருங்கும், செலவு அந்த அளவுக்குச் சுருங்காது.

இனி, எல்லாரும் தவறவிடும் இடம். வெளியே போகும் முன் உங்கள் வங்கிக் கிளைக்கே போய் வட்டியைக் குறைக்கக் கேளுங்கள். 2019 அக்டோபருக்கு முந்தைய கடன் என்றால் அது பழைய முறை வட்டியில் இருக்கலாம். ரெப்போ விகிதத்தோடு இணைந்த வட்டிக்கு மாற்றித் தரச் சொல்லலாம். நம் உதாரணத்தில் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 8.75க்கு இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மிச்சம் 1,667. நான்காவது மாதமே செலவு திரும்பிவிடுகிறது. எம்.ஓ.டி.யும் இல்லை, வக்கீலும் இல்லை.

‘8.5 இன்னும் குறைவுதானே?’ என்று கேட்பீர்கள். இருக்கட்டும். ஆனால் அந்தக் கடைசி கால் சதவீதத்துக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 50,300 ரூபாய். அது தருவது மாதம் 833. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து வருடம். 23 மாதம் என்று நினைத்தது, இந்த இரண்டாவது வழி வந்ததும் ஐந்து வருடமாகிவிட்டது பாருங்கள். எந்த இரண்டை ஒப்பிடுகிறோமோ அந்த இரண்டின் வித்தியாசத்தைத்தான் வகுக்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு கடனும் ரெப்போவோடு நகர்ந்தால், ரெப்போ இறங்கும்போது பழைய கடனின் வட்டியும் இறங்கும். அதை லாபமாக எண்ண வேண்டாம். ரெப்போவுக்கு மேல் ஒவ்வொரு வங்கியும் வைக்கும் கூடுதல் சதவீதத்தை மட்டும் ஒப்பிடுங்கள். அது அனுமதிக் கடிதத்தில் தனி வரியாக அச்சாகியிருக்கும்.

உங்கள் கடன் அறிக்கையைக் கொண்டுவந்தால், கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம்.