வீட்டுக் கடன்: சொத்தா, பொறுப்பா?



வீடு சொத்து என்பர் சிலர். கடன்பட்டுக் கட்டிய வீடு சுமையே என்பர் வேறு சிலர். இரு கூற்றும் நம் வன்னி மண்ணில் மெய்யாகியிருக்கின்றன. அஃது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

2012 ஆம் ஆண்டு முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ், புதுவீடு கட்டும் குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா நன்கொடையாக, வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாக வழங்கப்பட்டது. அது கடனன்று. ஆயினும், அத்தொகை போதாமலோ, வீட்டைப் பெரிதாக்கிய காரணத்தாலோ பலர் நகையை அடகு வைத்தனர், கடனும் பெற்றனர்.

அத்தகைய குடும்பமொன்று மூன்று இலட்சம் ரூபாவை, 12 வீத வட்டிக்கு, ஐந்தாண்டுத் தவணையில் பெற்றதென வைத்துக்கொள்வோம். கணக்கேட்டின் ஒரு பக்கத்தில் எட்டரை இலட்சம் ரூபா செலவிட்ட வீடு நிற்கும். மறுபக்கத்தில் மூன்று இலட்சம் ரூபாக் கடன் நிற்கும். வீடு சொத்து, கடன் பொறுப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே மயக்கம் பிறக்கின்றது. எஞ்சும் உரிமை அதே ஐந்தரை இலட்சமே. கடன் அதனை ஒரு சதமேனும் பெருக்கவில்லை.

இனி, மாதத் தவணை ஏறக்குறைய 6,670 ரூபா. முதலாண்டில் 80,000 ரூபா செலுத்தியபின் பார்த்தால், கடன் குறைந்தது 46,500 ரூபா அளவே. மிகுதி 33,500 ரூபாவும் வட்டியாகப் போயிற்று.

வவுனியா நகரில் மாதம் 10,000 ரூபா வாடகை கொடுத்தவர் இக்கடனால் தம் வீட்டிற் குடிபுகுந்தால், வாடகை மீதமாகும். தவணையைக் கட்டியபின்னும் கையில் பணம் மிஞ்சும். கிளிநொச்சிக் கிராமத்தில் தம் காணியிலே கொட்டிலமைத்து வாழ்ந்தவருக்கோ மீதமாக வாடகையே இல்லை. தவணை முழுவதையும் உழைப்பிலிருந்தே எடுத்தல் வேண்டும். அவர் உழைப்போ நெல். காலபோகத்தில் ஒருமுறை பணம் வரும். இரணைமடுக் குளத்தில் நீரிருந்தால் சிறுபோகத்திலும் வரும். தவணையோ மாதந்தோறும் வாயிலில் வந்து நிற்கும்.

இடர் வந்தால் வீட்டை விற்கலாமே எனின், அதுவும் எளிதன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தில் பெற்ற அரச காணியை, உறுதிக் காணியைப்போல விரும்பியவருக்கு விற்க இயலாது. குடியிருக்க அது பெருஞ்செல்வம். கடன் தீர்க்கவோ கைகொடாது.

ஆகவே, கடன் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் இரண்டைக் கணக்கிடுங்கள்: இவ்வீட்டால் மாதந்தோறும் நிற்கும் செலவு எவ்வளவு? அறுவடையற்ற மாதங்களில் தவணைக்குப் பணம் எங்கிருந்து வரும்? முதற் கடனின் தவணைக்காக இரண்டாவது கடனை நாடும் நாளில், வீடு சொத்தாகவே நிற்கும். ஆனால் அதன் கடன் குடும்பத்தின் சோற்றை உண்ணத் தொடங்கிவிட்டதென அறிக.