கை நான்கு, வாய் ஐந்து

கொன்னக்கோலில் ஒன்றைச் சேர்ந்து சொல்லிப் பார்ப்போமா?

ஆதி தாளம் போடுங்கள். ஓர் எண்ணிக்கைக்கு நான்கு சொல் விழட்டும். வாய் ‘தகதகிட’ என்று ஐந்தைந்தாகச் சொல்லட்டும். முதல் தட்டில் ‘த’. சுண்டுவிரலில் ‘ட’, அடுத்த விரலில் ‘கி’, நடுவிரலில் நடுத் ‘த’, இரண்டாம் தட்டில் ‘க’. முதல் வீச்சில் ‘தகதகிட’ புதிதாகத் தொடங்கினால் கணக்குச் சரி.

மாணவியாக இருந்தபோது என் கை வாயின் பின்னால் ஓடிவிடும். ‘தக’ வந்த இடமெல்லாம் தட்டுவேன். அப்போது அந்த வீச்சில் சொல் பொருந்தாது. வேகத்தைக் குறைத்து, ஒவ்வோர் எண்ணிக்கையிலும் விழும் சொல்லை மட்டும் உரத்துச் சொன்னபோதுதான் கை நின்றது.

ஆறு ‘தகதகிட’ 30. முடிவில் ஒரு ‘தக’ சேர்த்தால் 32. அடுத்தது சமம். எங்கே, தட்டுங்கள்!