நாலு மாசம் பயர் ஆபீஸ் மூடினா, மூணு சென்ட் மனை எவ்வளவுக்குப் போகும்?

தீபாவளி முடிஞ்சதும் சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பக்கமிருந்து எனக்குத் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "போனஸ் வந்திருக்கு, சீட்டும் எடுத்தாச்சு, கையில அஞ்சு லட்சம் இருக்கு. ஒரு பிளாட் வாங்கிப் போடவா, இல்ல பேங்க்லயே போட்டு வைக்கவா?" இதுக்கு வழக்கமா "நிலம் ஏறிக்கிட்டே இருக்கும்"னு ஒருத்தர் சொல்வார், "மியூச்சுவல் ஃபண்ட்ல போடு"ன்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேருமே நம்ம ஊரைப் பாத்துப் பேசுறதில்லை.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். பட்டாசுத் தொழிற்சாலை, நம்ம பேச்சுல பயர் ஆபீஸ், அதுலதான் வேலை. சனிக்கிழமை சம்பளம். 2011-ல மூணு சென்ட் மனை வாங்கினார், அதாவது சுமார் 1,300 சதுர அடி. "பஞ்சாயத்து அப்ரூவல் உள்ள மனை"ன்னு சொல்லி வித்தாங்க. மாசத் தவணையா கட்டி முடிச்சு, பத்திரமும் பதிஞ்சார். மகள் கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்ச சேமிப்பு மொத்தமும் அதுதான்.

2018 அக்டோபர் 23-ந் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கூடாது, சரவெடி கூடாதுன்னு. தீபாவளி லீவு முடிஞ்சும் ஆபீஸ்கள் திறக்கலை. 2019 மார்ச் வரை, ஏறக்குறைய நாலு மாசம் மூடியே கிடந்துச்சு. அந்த நேரம் பாத்து மகளுக்கு வரன் அமைஞ்சிருச்சு. அண்ணன் மனையை விக்கப் போனார்.

வாங்க ஆள் இல்லை. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த மனையை யார் வாங்குவா? பயர் ஆபீஸ்ல வேலை பாக்கிறவங்க, பெட்டி ஒட்டுறவங்க, லாரி ஓட்டுறவங்க, பக்கத்துல கடை வச்சிருக்கிறவங்க. எல்லார் கையும் ஒரே நேரத்துல காஞ்சு போச்சு. அதோட அண்ணன் மாதிரியே இன்னும் பத்துப் பேர் அதே ரோட்டுல "மனை விற்பனைக்கு"ன்னு பலகை நட்டுட்டாங்க. நம்ம சம்பளமும் நம்ம மனை விலையும் ஒரே திரியில கட்டியிருக்கு. ஒண்ணு அணைஞ்சா இன்னொண்ணும் அணையும். சென்னையில ஐ.டி. வேலை பாக்கிறவர் விருதுநகர்ல மனை வாங்கினா இந்தப் பிரச்சினை அவருக்குக் கிடையாது. சிவகாசியில சம்பாதிச்சு சிவகாசியிலேயே மனை வாங்கிறவருக்குத்தான்.

கடைசியா ரெண்டு பேர் வந்தாங்க. முதல் ஆளுக்கு விலை பிடிச்சிருந்துச்சு, ஆனா பேங்க் லோன் போட்டுத்தான் வாங்குவார். பேங்க் வக்கீல் முதல்ல கேட்டதே டி.டி.சி.பி. அப்ரூவல் நம்பர். அது இல்லை. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் மனைப்பிரிவு அனுமதி ஆகாது. அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது. நகர ஊரமைப்புத் துறை அனுமதி வேணும்.

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். 2016 செப்டம்பர் 9-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. அடுத்த ரெண்டு மாசத்துல பணமதிப்பிழப்பும் வந்துருச்சு. அப்ப இந்த மாதிரி மனை வச்சிருந்தவங்க என்ன விலைக்கும் விக்க முடியலை. 2017 மே மாசம் வரன்முறை விதிகள் வந்துச்சு. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிஞ்ச மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை வாங்கிக்கலாம்னு வழி விட்டாங்க. ஆனா முதல்ல மொத்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் கிடைக்கணும், அப்புறம்தான் தனி மனைக்கு. அண்ணன் அதைப் பண்ணலை. "பத்திரம் கையில இருக்கே, அப்புறம் என்ன"ன்னு இருந்துட்டார்.

ரெண்டாவது ஆள் ரொக்கமா தர்றேன்னார், பாதி விலைக்கு. அதுலயும் பத்திரத்துல கம்மியாக் காட்டி மிச்சத்தை கையில வாங்கிக்கச் சொன்னார். நிலம் விக்கிறதுக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வருமான வரிச் சட்டப்படி வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது அண்ணனுக்குத் தெரியாது. நல்லவேளை, விலை பிடிக்காம விட்டுட்டார். கல்யாணத்தை நடத்தினது எது தெரியுமா? மதினியோட வளையல். காலையில பேங்க்ல வச்சார், மதியம் பணம் கையில வந்துருச்சு.

இப்ப கணக்குக்கு வருவோம். இன்னைக்கு அஞ்சு லட்சத்துக்கு மனை வாங்கினா முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், 45,000 ரூபாய். புரோக்கருக்கு ரெண்டு சதவீதம்னு வச்சா 10,000. பத்திரம் எழுத, பட்டா மாத்த ஒரு 5,000. ஆக, உங்க கையிலிருந்து போறது 5,60,000. அதே பணம் 7 சதவீத வட்டியில எட்டு வருஷம் கிடந்தா சுமார் 9,60,000 ஆகும். விக்கும்போதும் புரோக்கருக்கு ரெண்டு சதவீதம் உண்டு. அப்ப எட்டு வருஷத்துல அந்த மனை ஏறக்குறைய 9,80,000-க்குப் போனாத்தான் டெபாசிட்டுக்குச் சமம். வருஷத்துக்கு ஒம்போது சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே ஏறணும். வரியை ரெண்டு பக்கமும் விட்டுட்டேன். இது நடக்காத விஷயம் இல்லை. ஆனா "பக்கத்து மனை பத்து லட்சம் சொல்றாங்க"ன்னு சொல்றது விலை இல்லை, ஆசை. வில்லங்கச் சான்றுல சமீபத்துல பதிவான தொகையைப் பாருங்க. அதுவும் சில நேரம் குறைச்சுக் காட்டினதா இருக்கும். அதனால உண்மையிலேயே கைமாறின ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிங்க.

பேங்க் பக்கமும் எல்லாம் சொர்க்கம் இல்லை. 2020 மார்ச்சுல பங்குச் சந்தை ரெண்டே மாசத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்துச்சு. கல்யாணச் செலவுக்குன்னு வச்சிருந்ததை ஃபண்ட்ல போட்டிருந்தா அண்ணனுக்கு வேற மாதிரி அழுகை. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை மூணு வருஷத்துக்கு முன்னாடி முடிக்க முடியாது; பன்னிரண்டு தவணை கட்டினபிறகு பாதி அளவுக்குக் கடன் எடுக்கலாம். பேங்க் டெபாசிட்டை எப்ப வேணா உடைக்கலாம், வட்டியில கொஞ்சம் பிடிப்பாங்க, அவ்வளவுதான். ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு வட்டியோட சேர்த்து அஞ்சு லட்சம் வரை காப்பீடு இருக்கு. மாசம் ரெண்டு வட்டி தர்றேன்னு சொல்ற தெருமுனை பைனான்ஸுக்கு அது கிடையாது.

அதனால அஞ்சு லட்சத்தோட வர்றவர்கிட்ட நான் முதல்ல கேக்கிறது, "ஆபீஸ் ஆறு மாசம் மூடினா சாப்பாட்டுக்கும் ஃபீஸுக்கும் எவ்வளவு ஆகும்?" அந்தத் தொகை டெபாசிட்லயும் கொஞ்சம் நகையாவும் இருக்கட்டும். அதுக்கு மேல மிச்சம் இருந்தா மனை பாருங்க, முடிஞ்சா நம்ம தொழிலை நம்பி நிக்காத ஊர்ல பாருங்க. விருதுநகர்ப் பக்கம் இ.குமாரலிங்கபுரம் ஜவுளிப் பூங்கா வருதுன்னு சொல்லித்தான் இப்ப நிறைய மனை விக்கிறாங்க. பூங்கா அறிவிப்பு உண்மை, 2023-ல வந்தது. ஆனா நீங்க வாங்கிற மனை அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்னு வண்டியில போய் மீட்டர்ல பாருங்க, நோட்டீஸ்ல பாக்காதீங்க.

வாங்கப் போறப்ப டி.டி.சி.பி. நம்பர் உள்ள வரைபடத்துல உங்க மனை எண் இருக்கா, ரோடு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமா எழுதிக் கொடுத்தாச்சா, பட்டா தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவான்னு பாருங்க. எட்டு மனைக்கு மேல உள்ள புது மனைப்பிரிவுன்னா ரெரா பதிவும் இருக்கணும். இதெல்லாம் உங்களுக்காக மட்டும் இல்லை. நாளைக்கு உங்ககிட்ட வாங்கப் போறவரோட பேங்க் கேக்கப் போற கேள்விகள் இவை.

அண்ணன் அப்புறம் வரன்முறை வாங்கிட்டார். மனையை மட்டும் இன்னும் விக்கலை. "இப்பத்தான் பேப்பர் சரியா இருக்கு, இப்ப எதுக்கு விக்கணும்?"ங்கிறார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அடுத்த எபிசோடுல கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவா பிரிக்கிறதைப் பத்திப் பேசுவோம்.