உயர ஏறித் தாழ உறங்குதல்



1875-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரெஞ்சுக்காரர் மூவர் 'ஜெனித்' என்னும் பலூனில் பாரிஸ் நகரிலிருந்து வானில் ஏறினர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் 8,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அவர்கள் எட்டிவிட்டனர். உடன் கொண்டு சென்ற பிராணவாயுவை எடுத்துச் சுவாசிக்கவும் அவர்களுக்குக் கை எழவில்லை. மூவரும் நினைவிழந்தனர். பலூன் தானே கீழிறங்கியபோது திஸாந்தியே என்பவர் மட்டுமே உயிரோடிருந்தார். மற்ற இருவரும் மாண்டு கிடந்தனர்.

நூற்றுமூன்று ஆண்டுகளுக்குப் பின், 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், மெஸ்னர், ஹேபலர் என்னும் இருவர் பிராணவாயுக் கலம் எதுவுமின்றி எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தனர். உயிரோடு திரும்பியும் வந்தனர். அவ்வுச்சி பலூன் சென்ற உயரத்திற்குக் குறைந்ததன்று. அப்படியிருக்க, ஒரே உயரம் முன்னவர்களைக் கொன்றது, பின்னவர்களை விட்டுவிட்டது. இதற்குக் காரணம் யாது? பலூனில் சென்றோர் இரண்டு மணி நேரத்தில் உயர்ந்தனர்; மலையேறியோர் பல வாரங்களில் உயர்ந்தனர். அந்த வாரங்களில் உடலுக்குள் நிகழ்ந்தது என்ன என்பதையே இன்று ஆராய்வோம்.

மலையுச்சியில் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கடற்கரையிலும் எவரெஸ்டிலும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தொரு பங்கு பிராணவாயுதான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் காற்று பாதரசத்தை 760 மில்லிமீட்டர் உயரத்திற்குத் தாங்கி நிறுத்துகிறது. 5,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் அதில் பாதியாகிவிடுகிறது. 1981-ஆம் ஆண்டு எவரெஸ்ட் உச்சியிலேயே அளந்து பார்த்தபோது அது 253 மில்லிமீட்டராக, அதாவது மூன்றில் ஒரு பங்காக இருந்தது. நுரையீரலிலிருந்து பிராணவாயுவை இரத்தத்திற்குள் தள்ளுவது இந்த அழுத்தமே. தள்ளும் விசை குறைந்தால் இரத்தத்தில் சேரும் பிராணவாயுவும் குறைகிறது.

இக்குறையை முதலில் உணர்வது மூளையன்று. கழுத்தின் இருபுறமும், தலைக்குச் செல்லும் இரத்தக்குழாய் இரண்டாகப் பிரியுமிடத்தில், அரிசிமணி அளவான சிற்றுறுப்பு ஒன்று உள்ளது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தவுடன் அது மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் ஓடத் தொடங்குகிறது. உயரம் சென்ற சில நிமிடங்களிலேயே இது நிகழ்கிறது.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை குறுக்கிடுகிறது. மிகுதியாக மூச்சுவிடும்போது உடலிலுள்ள கரியமிலவாயு வழக்கத்திற்கு மேல் வெளியேறிவிடுகிறது. கரியமிலவாயு இரத்தத்தில் அமிலத் தன்மையைத் தருவது. அது குறைந்தால் இரத்தத்தில் காரத் தன்மை மிகுகிறது. இதை மூளை உணர்ந்ததும், 'மூச்சு மிகையாகிவிட்டது, குறைத்துக்கொள்' என்று கட்டளையிடுவதுபோல் மூச்சை அடக்குகிறது. கழுத்திலுள்ள உறுப்பு 'இன்னும் மூச்சு வாங்கு' என்கிறது. மூளையோ 'போதும்' என்கிறது. வண்டி ஓட்டுபவன் குதிரையைச் சவுக்கால் விரட்டிக்கொண்டே கடிவாளத்தையும் இழுத்துப் பிடிப்பதை ஒத்தது இந்நிலை.

இக்கடிவாளத்தைத் தளர்த்துபவை சிறுநீரகங்கள். இரத்தத்தில் மிகுந்துள்ள காரப்பொருளை அவை சிறிது சிறிதாகச் சிறுநீரில் கழித்துவிடுகின்றன. இரத்தம் மீண்டும் தன் பழைய நிலையை நெருங்குகிறது. மூளையின் தடை தளர்கிறது. மூச்சு மேலும் ஆழமாகிறது. இவ்வேலை மணிக்கணக்கில் முடிவதன்று. அதற்குப் பல நாட்கள் வேண்டும். மலைக்கு வந்தவர் முதல் சில நாட்களில் அடிக்கடி சிறுநீர் கழிப்பது நல்ல அறிகுறி என்று வழிகாட்டிகள் கூறுவது இதனாலேயே. பிராணவாயுவைச் சுமக்கும் செவ்வணுக்களும் பெருகுகின்றன என்பது உண்மை. ஆனால் அவை போதிய அளவு பெருகப் பல வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் மனிதனைக் காப்பாற்றுவது மூச்சும் சிறுநீரகமுமே.

இனி, இரவு ஏன் பகலினும் கொடியது என்பதைக் காண்போம். விழித்திருக்கும்போது நடக்கிறோம், பேசுகிறோம், வேண்டியபோது நீள மூச்சு வாங்குகிறோம். உறங்கும்போது மூச்சு இயல்பாகவே தணிகிறது. மேலும், முன்பு கூறிய சவுக்குக்கும் கடிவாளத்திற்கும் உள்ள போட்டி உறக்கத்தில் வெளிப்படையாகிறது. உறங்குபவர் சில முறை பெருமூச்சாக வாங்குவார். பிறகு பல விநாடிகள் மூச்சே இராது. திடுக்கிட்டதுபோல் மீண்டும் பெருமூச்சு எழும். கூடாரத்தில் அருகே படுத்திருப்பவர் இதைக் கேட்டு அஞ்சுவதுண்டு. இரத்தத்தில் பிராணவாயு மிகத் தாழ்வது இவ்விரவு நேரத்தில்தான். அத்துடன், மலைநோய் பெரும்பாலும் உயரத்தை அடைந்தவுடன் தோன்றுவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் சென்ற பின்னரே தோன்றுகிறது. நண்பகலில் மேலே சென்று மாலைக்குள் கீழே வந்துவிட்டவர், நோய் தோன்றுவதற்குரிய நேரத்திற்கு முன்பே அவ்விடத்தை விட்டு நீங்கிவிடுகிறார். ஆனால் மூச்சைத் தூண்டும் செய்தியை அவருடைய உடல் பெற்றுவிட்டது. 'உயர ஏறு, தாழ உறங்கு' என்னும் மலைவழக்கின் கருத்து இதுவே. தூண்டுதலை மேலே பெறுவது. செப்பனிடும் வேலையைக் கீழே முடிப்பது.

நேபாளத்தில் எவரெஸ்டின் அடிவாரம் நோக்கிச் செல்லும் வழியைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விமானம் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர் உயரத்தில் உள்ளது. முதல் இரவு அதற்கும் சற்றுக் கீழேயுள்ள பாக்டிங் கிராமத்தில் கழிகிறது. இரண்டாம் நாள் நாம்சே என்னும் ஊர், உயரம் 3,440. ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டமையால் அடுத்த இரவும் அங்கேயே தங்குகின்றனர். அந்த ஓய்வு நாளில் படுத்துக்கிடப்பதில்லை. ஊருக்கு மேலுள்ள சரிவில் ஏறத்தாழ 3,880 மீட்டர் வரை நடந்துவிட்டு நாம்சேக்கே திரும்புகின்றனர். அடுத்த இரவு தெங்போச்சே, 3,860 மீட்டர். அதற்கடுத்த இரவு திங்போச்சே, 4,410 மீட்டர். அங்கும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, அருகிலுள்ள குன்றில் 5,000 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகின்றனர். பிறகு லொபூச்சே, 4,940 மீட்டர்.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். நாம்சேயில் ஓய்வு நாளன்று பகலில் ஏறிய உயரம், மறுநாள் இரவு உறங்கப்போகும் உயரத்திற்கு ஏறக்குறையச் சமம். திங்போச்சேயிலும் அப்படியே. உறங்கப்போகும் உயரத்தை உடலுக்கு ஒரு நாள் முன்னதாகவே அறிமுகம் செய்து வைப்பது போன்றது இது. நாம்சேயில் கழித்த முதல் இரவிலிருந்து லொபூச்சே இரவு வரை ஐந்து நாட்களில் உறங்குமிடம் 1,500 மீட்டர் உயர்ந்தது. சராசரி நாளொன்றுக்கு 300 மீட்டர். மருத்துவர்கள் வகுத்துள்ள விதியும் ஏறக்குறைய இதற்கு இணங்குவதே: 3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தை ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது, மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை ஓரிரவு அதே இடத்தில் தங்குதல் வேண்டும். விதி பேசுவது உறங்குமிடத்தைப் பற்றியே என்பதைக் கவனியுங்கள். பகலில் ஏறி இறங்குவதால் வரும் நன்மையை அளவிட்டுக் கூறுதல் கடினம். உறங்கும் உயரமே நோயைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது மட்டும் உறுதி.

சிகரத்திற்கே செல்பவர் ஏறத்தாழ 5,360 மீட்டரிலுள்ள அடிவார முகாமில் தங்கி, 6,000 மீட்டருக்கு மேலுள்ள முகாம்களுக்குச் சென்று ஓரிரு இரவு கழித்துத் திரும்பி வருவர். மறுமுறை இன்னும் உயரச் சென்று திரும்புவர். மேலேயே தங்கிப் பழகிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையைச் சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கூறியுள்ளனர். அந்நாட்டு அவுகன்கில்ச்சா மலையில் ஏறத்தாழ 5,800 மீட்டர் உயரத்தில் கந்தகச் சுரங்கம் ஒன்றிருந்தது. 1935-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் அங்குச் சென்றபோது, தொழிலாளர் ஏறத்தாழ 5,300 மீட்டரிலுள்ள குடியிருப்பில் வாழ்ந்து, நாள்தோறும் சுரங்கத்திற்கு ஏறி, வேலை முடிந்து இறங்குவதைக் கண்டனர். சுரங்கத்தின் அருகிலேயே அவர்களுக்கு விடுதி கட்டப்பட்டிருந்தும் அவர்கள் அங்கே வாழ மறுத்தனர். அங்கே உறங்கினால் பசி இல்லை, உறக்கம் இல்லை, உடல் மெலிகிறது என்பது அவர்கள் கூறிய காரணம். உழைக்கக்கூடிய உயரம் வேறு, உறங்கக்கூடிய உயரம் வேறு என்பதை எந்த நூலையும் படிக்காமலே அவர்கள் கண்டறிந்திருந்தனர். ஏறக்குறைய 5,500 மீட்டருக்கு மேல் எவ்வளவு காலம் இருப்பினும் உடல் பழகுவதைவிடத் தேய்வதே மிகுதி. ஆதலால் சிகரத்திற்குச் செல்பவர் அங்கே வாழ்வதில்லை. சென்று விரைந்து மீளுகின்றனர்.

இம்முறைக்கும் ஒரு விலை உண்டு. அடிவார முகாமுக்கு மேலே இடிந்து சரியும் பனிப்பாளங்கள் நிறைந்த பள்ளத்தாக்கை ஒவ்வொரு முறையும் கடக்க வேண்டியுள்ளது. ஆகவே சில குழுவினர் முதலில் 6,119 மீட்டர் உயரமுள்ள லொபூச்சே சிகரத்தில் ஏறிப் பழகிக்கொண்டு, அப்பனிச்சரிவைக் கடக்கும் முறைகளைக் குறைத்துக்கொள்கின்றனர்.

இறுதியாக, பழகாத உடலின் எச்சரிக்கைகளை அறிந்திருத்தல் நலம். தலைவலியோடு குமட்டலோ, பசியின்மையோ, தலைச்சுற்றலோ சேர்ந்தால் மலைநோய் என்றே கொண்டு, அவை நீங்கும்வரை மேலே ஏறாதிருத்தல் வேண்டும். ஒருவரை நேர்க்கோட்டில், முன்காலின் குதிகால் பின்காலின் விரலைத் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். அவர் தள்ளாடினால் மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் இருந்தால் நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கலாம். இவ்விரண்டும் ஓரிரவிலேயே உயிரைக் கொள்ளக்கூடியவை. பொழுது விடியட்டும் என்று காத்திராமல், துணையோடு உடனே கீழே கொண்டுசெல்ல வேண்டும். உடல்வலிமை இதற்குக் காப்பாவதில்லை. விரைந்து ஏறவல்ல இளைஞரே பலமுறை இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஏனெனில் அவர்களுடைய கால்கள் சிறுநீரகங்களைவிட விரைவாக வேலை செய்துவிடுகின்றன.