போகிறேன் என்று சொல்லும் முறை



கொஸ்லந்தையில் படித்த நாங்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறோம். புது வேலை கிடைத்தால் வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அறிவிக்கிறோம். அதில் நான் விட்ட பிழையொன்றைச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு. மருந்துக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. டொக்டர்மார் பலர் வெளிநாடு போனார்கள். எனக்கும் இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அன்றிரவே, "கடைசியில் விடிவு! இனி என் திறமைக்கு ஏற்ற இடம்" என்று முகநூலில் போட்டேன். மறுநாள் வாட்டில், என்னோடு ஆறு வருடம் வேலை செய்த மிஸ்ஸி கேட்டார்: "அப்ப நாங்க இருக்கிறது இருட்டா, டொக்டர்?"

அந்த வாட்டில் நாலு பேர் இரவுக் கடமையைப் பகிர்ந்துகொண்டோம். ஆளுக்கு மாதம் ஏழெட்டு இரவு. நான் போனதும் மிச்ச மூன்று பேருக்கும் பத்து இரவு. அந்தச் செய்தியை அவர்கள் முகநூலில்தான் அறிந்தார்கள். நான் போனதை விட அதுதான் அவர்களுக்கு நொந்தது.

போன வருடம் அங்கேயே வேறு வைத்தியசாலைக்கு மாறினேன். இம்முறை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை வெளியே சொல்லவில்லை. பிறகு முதலில் பொறுப்பு வைத்தியரிடமும், அடுத்து என் கடமை யார் தலையில் விழுமோ அவர்களிடமும், கடைசி நாள் எது என்று நேரிலேயே சொன்னேன். கடமைப் பட்டியல் போட அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. தாதியர், சிற்றூழியர் எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகே இதை எழுதினேன்:

"அடுத்த மாதம் முதலாம் திகதி சிறுவர் பிரிவொன்றில் வேலை தொடங்குகிறேன். மின்சாரம் இல்லாத இரவில், டோர்ச் வெளிச்சத்தில் குழந்தையின் கையில் நரம்பு கண்டுபிடிக்க ஊரில் ஒரு மிஸ்ஸி எனக்குப் பழக்கினார். இன்றும் அந்தக் கையால்தான் வேலை செய்கிறேன். அவருக்கும் இரண்டு வாட்டிலும் என்னோடு விழித்திருந்தவர்களுக்கும் நன்றி."

'கடைசியில்', 'ஏற்ற இடம்' போன்ற சொற்களை எடுத்துவிட்டேன். அவை வேலையைச் சொல்வதில்லை. விட்டுப்போகும் இடத்தைத்தான் குறைத்துச் சொல்கின்றன. "எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் தெரிவு செய்தார்கள்" என்பதையும் எழுதவில்லை. அது பணிவுச் சட்டை போட்ட பெருமை. பத்துப் பெயரை அடுக்கினால் பதினோராவது ஆளுக்கு மனம் நோகும். அதனால் ஒருவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் எழுதி, மற்றவர்களுக்குத் தனித்தனியே நன்றி அனுப்பினேன். மிஸ்ஸியிடம் முன்பே கேட்டேன். "பெயர் வேணாம், டோர்ச் கதை இருக்கட்டும்" என்றார். நோயாளர் படமும் போடவில்லை.

நல்ல சொல் யாருடைய இரவுக் கடமையையும் குறைக்காது. ஆகவே நோயாளர் ஒவ்வொருவரையும் பற்றிய குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினேன்.

அறிவித்த அன்று முதலில் வந்த பதில் அந்த மிஸ்ஸியுடையது: "இப்ப வாசிக்க நல்லா இருக்கு, டொக்டர்."