சார்ஜ் ஏறினா பாயிண்ட் சரியாயிடுமா?

வாடகை வீடு பார்க்கப் போறவங்க எல்லாரும் செய்ற ஒரு டெஸ்ட் இருக்கு. ஒவ்வொரு பிளக் பாயிண்ட்லயும் போன் சார்ஜரைச் சொருகிப் பார்ப்பாங்க. ஏறுதா, ஓகே. லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஓகே. ஆனா போன் சார்ஜருக்கு ரெண்டு பின்தான். மேல இருக்கிற அந்தப் பெரிய ஓட்டையை, அதாவது எர்த்தை, அது தொடவே தொடாது. எர்த் இல்லாத பாயிண்ட்லயும் போன் ஜோரா சார்ஜ் ஆகும். பிரச்சினை கீசர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் போடும்போதுதான். உள்ளே ஒரு வயர் பாடியில பட்டுட்டா, கரண்ட் போக எர்த் வழி இல்ல. நீங்க தொட்டா, உங்க உடம்புதான் வழி.

என் அத்தை பொண்ணு மடிப்பாக்கத்துல ரெண்டு பெட்ரூம் வீடு ஒண்ணு பார்த்தா. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனோம். காலி வீடுங்கிறதால மெயினை ஆன் பண்ணி வைக்கச் சொல்லி ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டோம். (இதைக் கேட்காம போனா இருட்டுல சுவரைப் பார்த்துட்டு வரணும்.)

அண்ணன் ஒவ்வொரு பாயிண்ட்லயும் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு டெஸ்டரை வச்சார். அப்போ எந்த ஓட்டையிலயும் எரியக் கூடாது. எரிஞ்சா, ஸ்விட்ச் ஃபேஸ்ல இல்லாம நியூட்ரல்ல இருக்குன்னு அர்த்தம். ஆஃப் பண்ணின பிறகும் அங்க கரண்ட் இருக்கும். ஹால்ல ஒரு பாயிண்ட் அப்படி மாட்டுச்சு.

அப்புறம் மல்டிமீட்டர். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட் பக்கத்துல காட்டணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுலயும் கிட்டத்தட்ட அதே எண் வரணும். கிச்சன்ல வந்துச்சு. பாத்ரூம் கீசர் பாயிண்ட்ல 60, 70னு ஏதோ தடுமாறிட்டே இருந்துச்சு. மெயினை ஆஃப் பண்ணிட்டு போர்டைக் கழற்றினார். பச்சை வயர் உள்ளேயே மடிஞ்சு கிடந்தது, எதிலயும் மாட்டல. பத்து நிமிஷ வேலை. ரெண்டையும் சரி பண்ணினதுக்கு ஓனரே காசு கொடுத்தார். சாவி வாங்கின பிறகு கேட்டிருந்தா கொடுத்திருப்பாரான்னு எனக்குச் சந்தேகம்தான்.

மீட்டரையும் ஏமாத்துற ஒரு வேலை இருக்கு. எர்த் வயர் இழுக்காம, பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால இணைச்சிடுவாங்க. மீட்டர்ல எல்லாம் பக்காவா தெரியும். ஆனா அந்த நியூட்ரல் எங்கேயாவது அறுந்தா, கீசர் பாடி முழுக்க ஃபேஸ் வந்துடும். அதனால பாத்ரூம் போர்டை மட்டுமாவது திறந்து பார்க்கச் சொல்லுங்க. நீங்களே திறக்காதீங்க.

மெயின் பாக்ஸ்ல ஆர்சிசிபி இருக்கான்னும் பாருங்க. 30 மில்லி ஆம்பியர்னு போட்டிருக்கும், 'T'ன்னு ஒரு பட்டன் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அதை அமுக்கினா உடனே டிரிப் ஆகணும். ஆகலைன்னா மாத்தச் சொல்லுங்க. ஆனா அது டிரிப் ஆனதை வச்சு எர்த் சரியா இருக்குன்னு எடுத்துக்காதீங்க. அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிக்கிறதே இல்ல.