முத்து முதலில் வேண்டாம்

கடன் தாளில் கையெழுத்துப் போடத் தெரிந்தும் மேலே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத அக்காமார் நம்ம குழுக்கள்ல இருக்காங்க. அவங்களுக்கு நம்ம ஊர்ச் சொல்லாச்சேன்னு "முத்து"வை முதல்ல கொடுக்காதீங்க. மு-வில் உகரம் ஒரு வடிவம், து-வில் வேறு வடிவம், குழம்பிடுவாங்க.

ட, ப, ம-வில் தொடங்குங்க. கோடு இழுக்க எளிது. புள்ளி வைத்தால் படம், பட்டம், மட்டம். கால் சேர்த்தால் பாடம், பட்டா. மேல்விலங்கு போட்டால் படி, பாட்டி. அறிவொளி வகுப்பிலும் பட்டா, படின்னுதான் ஆரம்பிச்சாங்க. "பெட்டி" பிறகுதான்: கொம்பு முன்னால நிற்கும், சத்தம் பின்னால வரும்.

மனப்பாடமா, படிப்பான்னு பார்க்க, சொல்லித்தராத "மாடி"யை எழுதிக் காட்டுங்க. எழுத்துக் கூட்டி வாசிச்சா அடுத்த எழுத்துக்குப் போகலாம். படத்தைத் தேடினா, காலையும் விலங்கையும் இன்னும் ரெண்டு நாள் பழக்குங்க.